"மேம்படுத்திக் கொடுங்க" என்று அனுப்பினால் ஏன் கேள்வி திரும்பி வருகிறது?

*கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பத்திரிகையில் பிரதி திருத்தும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "இதை மேம்படுத்திக் கொடுங்க" என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர் ஒரு வரியைக்கூடத் தொடாமல், "யார் படிக்கப் போகிறார்கள், எதற்காக?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டுரையைப் படித்தாலே தெரியாதா? நல்ல தமிழ் யாருக்கும் நல்ல தமிழ்தானே? சிவகங்கைப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஒரு பத்தியைத் தருகிறேன்:*

*"எங்கள் கண்மாய்க்கு மூன்று மடை. நடுமடை தூர்ந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. முன்பெல்லாம் கலுங்கு பாய்ந்தால் மாசி வரை தண்ணீர் நிற்கும். இப்போது தை பிறப்பதற்குள் வற்றிவிடுகிறது. வரத்து கால்வாயில் சிலர் வீடு கட்டிவிட்டார்கள். உள்வாய் முழுவதும் சீமைக்கருவேலம். கண்மாய் என்பது மழைநீரைத் தேக்கி வைக்கும் நீர்நிலை ஆகும். 'நீரின்றி அமையாது உலகு' என்றார் வள்ளுவர். அனைவரும் முயற்ச்சி செய்தால் கண்மாயை மீட்கலாம்."*

முதலில், உங்களிடம் எதையும் கேட்காமலே இந்தப் பத்தியில் என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். நானும் பல வருடமாகப் பிரதி திருத்துகிற ஆள்தான்.

"வரத்து கால்வாயில்" என்பதில் ஒற்று விடுபட்டிருக்கிறது, "வரத்துக் கால்வாயில்" என்று வர வேண்டும். "முயற்ச்சி" பிழை. றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு வல்லின ஒற்று வராது, "முயற்சி" போதும். வள்ளுவர் மேடையில் சொல்லப்படுகிற வடிவத்தில் வந்திருக்கிறார். குறளில் இருப்பது "நீர்இன்று அமையாது உலகெனின்". மேற்கோள் குறி போட்டால் மூலத்தில் உள்ளபடி போடுவதுதான் முறை. அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. உங்கள் நண்பர் இதை மட்டும் செய்து அனுப்பியிருந்தால், "இவ்வளவுதானா?" என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். நீங்கள் மேம்படுத்தச் சொன்னபோது மனதில் இருந்தது பிழைதிருத்தம் இல்லை, வேறு ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

சரி, "படித்தாலே தெரியாதா?" என்ற கேள்விக்கு வருகிறேன். பல நேரம் தெரியும். கட்டுரையோடு ஒரு போட்டி அறிவிப்பு சேர்ந்து வந்தால் தெரியும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினால் தெரியும். உங்கள் பத்தியில் தெரியவில்லை, காரணம் அதற்குள் இரண்டு வாசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆறு வாக்கியங்கள் ஊர்க்காரரோடு பேசுகின்றன. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை, நிறைந்ததும் மிச்சம் வழியும் கலுங்கு, தண்ணீர் தேங்கும் உள்வாய், தண்ணீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய் என்று எதற்கும் அங்கே விளக்கமே கிடையாது, தெரிந்தவரிடம் சொல்வதுபோல விறுவிறுவென்று போகிறது. ஏழாவது வாக்கியத்தில் திடீரென்று "கண்மாய் என்பது மழைநீரைத் தேக்கி வைக்கும் நீர்நிலை ஆகும்" என்று வருகிறது. இது கண்மாயையே பார்த்திராத ஒருவருக்கான வரி. கலுங்கு தெரிந்த ஆளுக்குக் கண்மாய் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டுமா? கண்மாய் தெரியாத ஆளுக்குக் கலுங்கு எப்படித் தெரியும்? இந்த இருவரில் ஒருவர் வெளியேற வேண்டும். யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கத் திருத்துபவருக்கு உரிமை இல்லை. கட்டுரையை எத்தனை தடவை படித்தாலும், நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும்.

இந்த ஒரு வாக்கியத்தை வெட்டுவதா வைப்பதா என்பதே வாசகர் யார் என்பதைப் பொறுத்தது என்றால், மற்றவற்றைச் சொல்லவே வேண்டாம். இது புது விஷயமும் இல்லை. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பட்டியல் போடுகிறது. அதில் முதல் இரண்டு குன்றக் கூறல், மிகைபடக் கூறல். அதாவது தேவைக்குக் குறைவாகச் சொல்வது, தேவைக்கு மேல் சொல்வது. யாருடைய தேவை? அதைச் சொல்லாமல் இந்த இரண்டு குற்றங்களையும் யார் மேலும் சுமத்த முடியாது. உங்கள் "கலுங்கு பாய்ந்தால்" சென்னை வாசகருக்குக் குன்றக் கூறல். உங்கள் "கண்மாய் என்பது" ஊர்க்காரருக்கு மிகைபடக் கூறல். அதே பத்தி, அதே சொற்கள், ஆள் மாறினால் குற்றம் மாறுகிறது. நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதே நன்னூல் எட்டு விஷயங்களைச் சொல்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். கடைசி இரண்டைப் பாருங்கள். உங்கள் நண்பர் கேட்ட இரண்டு கேள்விகளும் அவையேதான்.

இனி, "சிலர்" என்ற ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போவோம். "வரத்துக் கால்வாயில் சிலர் வீடு கட்டிவிட்டார்கள்." இலக்கணப்படி இந்த வரியில் குறை எதுவும் இல்லை. இது எங்கே போகப் போகிறது என்று மூன்று விதமாக வைத்துப் பார்க்கிறேன். மூன்றுமே இப்படி ஒரு கட்டுரைக்கு நடக்கக்கூடியவைதான்.

ஒன்று, மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நடக்கும் கிராமசபையில் இதை எழுந்து வாசிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் "சிலர்" அங்கே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் பெயர் சொல்லாவிட்டாலும் பெயர் சொன்ன மாதிரிதான். அந்த வரியை வாசித்த நிமிடத்திலிருந்து கூட்டம் கண்மாயை விட்டுவிட்டு, யார் வீடு, எந்தப் பட்டா, யார் முதலில் கட்டியது என்று போய்விடும். நீங்கள் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று போயிருந்தால், அந்த வரிதான் அதைக் கெடுக்கும். ஆகவே ஆட்களை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் வைப்பேன். காதால் கேட்பவர்களுக்கானது என்பதால் பேச்சு வழக்கிலேயே எழுதுவேன்:

"நடுமடை தூந்துபோயி எத்தனை வருசமாச்சுன்னு இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும். தண்ணி வர்ற வழி பாதிக்கு மேல அடைபட்டுக் கெடக்கு. யாரு வீட்டையும் இடிக்கச் சொல்லி நான் எந்திரிக்கலை. வரத்துக் காலை ஒரு தடவை அளந்து எல்லைக்கல்லு நடணும். அதுக்கு இன்னைக்கு ஒரு தீர்மானம் போட்டு நோட்டுல எழுதணும்."

கண்மாய் விளக்கம் போய்விட்டது. வள்ளுவரும் போய்விட்டார், அவரை வைத்தாலும் தப்பில்லை. அப்படி வைத்தால், புலவர் கோபித்துக்கொண்டாலும் சரி, ஊரார் வாயில் புழங்கும் "நீரின்றி அமையாது உலகு" என்ற வடிவத்தையே விட்டுவிடுவேன். மேலே நான் பிழை என்று சொன்னது இங்கே பிழை இல்லாமல் போகிறது. "அனைவரும் முயற்சி செய்தால்" என்ற கடைசி வரி இருந்த இடத்தில், யார் என்ன செய்ய வேண்டும் என்ற வரி வந்திருக்கிறது.

இரண்டு, இதே கட்டுரையை வைத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறீர்கள். அங்கே "சிலர்" என்ற சொல் யாரையும் புண்படுத்தாது. ஆனால் ஒரு பயனும் இல்லாத சொல். மனுவை வாங்குகிறவர் அதை முழுக்கப் படிக்க மாட்டார். "பொருள்" என்ற வரியைப் பார்ப்பார், எந்த அலுவலருக்கு அனுப்புவது என்று முடிவு செய்து குறிப்பு எழுதுவார், அடுத்த மனுவுக்குப் போய்விடுவார். அந்த முடிவுக்கு என்ன வேண்டுமோ அதுதான் மனுவின் முதல் நான்கு வரியில் இருக்க வேண்டும்:

"பொருள்: கண்மாய் வரத்துக் கால்வாயை நில அளவை செய்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல். …… வட்டம், …… வருவாய்க் கிராமம், சர்வே எண் ……-இல் உள்ள வரத்துக் கால்வாயில் சுமார் …… மீட்டர் நீளத்துக்குக் கட்டடங்கள் உள்ளன. இதனால் கண்மாய் நிரம்பாமல், …… ஏக்கர் ஆயக்கட்டு பாதிக்கப்படுகிறது."

புள்ளி வைத்த இடங்களை எவ்வளவு கெட்டிக்காரத் திருத்துநராலும் நிரப்ப முடியாது. அவை உங்களிடம்தான் இருக்கின்றன, அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கின்றன. "மேம்படுத்திக் கொடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால், சர்வே எண் இல்லாத அழகான மனு ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கும்.

இந்த வழியில் போகும்போது இன்னொன்றும் வெளியே வருகிறது. உங்கள் பத்தியில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மடை தூர்ந்தது பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. கால்வாயில் வீடு கட்டியது தாசில்தாரும் சர்வேயரும் பார்க்க வேண்டிய வேலை. போதாக்குறைக்கு, கண்மாய் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அப்போதைய பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரி கண்மாய்களுக்கானது. ஆகவே உங்கள் கண்மாய் எந்த வகை என்று தெரியாமல் அந்தச் சட்டத்தின் பெயரை மனுவில் சேர்த்தால், பார்க்க கெத்தாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

இன்னும் ஒரு இடறல். "முன்பெல்லாம் கலுங்கு பாய்ந்தால் மாசி வரை நிற்கும், இப்போது தை பிறப்பதற்குள் வற்றிவிடுகிறது" என்கிறீர்கள். இப்போதும் கலுங்கு பாய்கிறதா? கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்த வருடத்திலும் தைக்குள் வற்றுகிறது என்றால், உள்வாயில் வண்டல் ஏறிக் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. கலுங்கு பாய்வதே இல்லை என்றால், தண்ணீர் வந்து சேரவில்லை, அப்போதுதான் வரத்துக் கால்வாயைக் குற்றம் சொல்ல முடியும். உங்கள் பத்தி முதலாவதைப் போலத் தொடங்கி இரண்டாவதைக் காரணம் காட்டுகிறது. மனுவில் இதைத் தெளிவாக்காவிட்டால் தப்பான வேலைக்கு உத்தரவு வாங்கி வருவீர்கள். கிராமசபையில் இந்த வரி தேவையே இல்லை, அங்கே இருக்கிறவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பொருளைப் பற்றி நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகூட, கட்டுரை எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் கேட்கத் தகுந்ததா இல்லையா என்று தெரிகிறது.

மூன்று, ஒரு வார இதழுக்கோ ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கோ அனுப்பப் போகிறீர்கள். இப்போது படிக்கிறவர் கோயம்புத்தூரில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர். அவருக்கு உங்கள் ஊர் மேல் எந்தக் கடமையும் கிடையாது, பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருக்குக் கலுங்கு என்றால் என்னவென்று தெரிய வேண்டும், ஆனால் பாடம் நடத்துவதுபோலச் சொன்னால் போய்விடுவார். "கண்மாய் என்பது… ஆகும்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, விளக்கத்தை நடக்கிற விஷயத்துக்குள்ளேயே கரைத்துவிட வேண்டும்:

"கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்தோட, கரையில் கல்லால் கட்டிய வழிக்குக் கலுங்கு என்று பெயர். கலுங்கு பாய்ந்துவிட்டால் மாசி வரைக்கும் கவலை இல்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. இப்போது தைப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்ட இறங்கினால், உள்வாயில் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது."

மாடு குளிப்பாட்டுவது நான் ஊகித்துச் சேர்த்தது. அது உங்கள் ஊரில் உண்மையா என்று உங்களிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். உண்மையில் இந்த இடத்தில் நான் தேடுவது ஒரு ஆளை. உங்கள் ஊரில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சி யாராவது இன்னும் இருக்கிறாரா? இருந்தால் கட்டுரை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அவரை நான் கற்பனை செய்ய முடியாது. அப்புறம், அந்தச் "சிலர்"? இதழில் அந்தச் சொல் நழுவல்போலத் தெரியும், வாசகர் "யார் அந்தச் சிலர்?" என்றுதான் கேட்பார். அதற்காகப் பெயர் போட்டால், ஆதாரம் கையில் இருக்கிறதா, அவர்கள் தரப்பைக் கேட்டீர்களா என்று ஆசிரியர் கேட்பார். "வரத்துக் கால்வாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு தெரு இருக்கிறது" என்று எழுதினால் இரண்டிலிருந்தும் தப்பலாம், காட்சியும் கிடைக்கும்.

ஆகப் பெயர் சொல்லாமலே குத்தும் சொல், அலுவலகத்துக்கு உதவாத சொல், நழுவுகிற சொல் என்று ஒரே "சிலர்" மூன்று இடத்தில் மூன்றாக இருக்கிறது. திருத்தமும் மூன்று. இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதழுக்கான பத்தியைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால், தைப்பொங்கலையும் மாட்டையும் தாண்டிக் கோரிக்கையைத் தேடவே யாருக்கும் பொறுமை இருக்காது.

உங்கள் நண்பர் கேட்காமலே வேலையைத் தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் வாசகரே இல்லாமல் திருத்தியிருக்க மாட்டார், அது நடக்காத காரியம். தனக்குப் பழக்கமான வாசகரை வைத்துத் திருத்தியிருப்பார். பத்திரிகைக்காரர் கைக்குப் போனால் எல்லாக் கட்டுரையும் ஒரு மனிதரிடமிருந்து தொடங்கும். தமிழாசிரியர் கைக்குப் போனால் முன்னுரை, முடிவுரை, பத்திக்கு ஒரு மேற்கோள் என்று வளரும், "முயற்சி செய்தால் மீட்கலாம்" இன்னும் இரண்டு வரி நீளும். வக்கீலிடம் போனால் பாதி வாக்கியங்களில் "மேற்படி" வந்துவிடும். யாரும் தப்புச் செய்யவில்லை, ஒவ்வொருவரும் தன் வாசகருக்கு நல்லது செய்திருக்கிறார்கள். அந்த வாசகர் உங்கள் வாசகரா என்பதுதான் கேள்வி.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நான்சி சாமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நியூயார்க், ஒக்லஹோமா பல்கலைக்கழகங்களில் 35 ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளைப் படித்துப் பார்த்து 1982-ல் எழுதினார். பெரும்பாலான குறிப்புகள் எந்தக் கட்டுரையிலிருந்து பிடுங்கி எந்தக் கட்டுரையில் ஒட்டினாலும் பொருந்தும்படி இருந்தன: தெளிவாகச் சொல், விரிவாகச் சொல், சொல்லை மாற்று. இன்னொரு விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரே பத்தியில், ஒரு வாக்கியத்தின் ஒற்றைக் குறியைத் திருத்தச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே அந்தப் பத்தி முழுவதையும் வேறுவிதமாக வளர்க்கச் சொல்லியிருந்தார்கள். பத்தியே மாறப்போகிறது என்றால் குறியைத் திருத்தி என்ன பயன்? எது முதல் வேலை என்று அந்தக் குறிப்புகளிலிருந்து மாணவருக்குத் தெரிய வழியே இல்லை.

நம் பக்கமும் இதே கதைதான். நான் உங்கள் பத்தியில் முதலில் செய்த ஒற்றுத் திருத்தத்தைப் பாருங்கள். "வரத்துக் கால்வாயில்" என்று சரிசெய்தேன், மூன்று வடிவங்களில் மனுவில் மட்டும்தான் அந்தச் சொல் அதே உருவில் தங்கியது. கிராமசபையில் அது "வரத்துக் கால்" ஆகிவிட்டது. "முயற்ச்சி"யைத் திருத்தினேன், அந்த வாக்கியமே மூன்றிலும் காணாமல் போய்விட்டது. வாசகர் யார் என்று தெரிவதற்கு முன் செய்கிற நுண்ணிய வேலை பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் முதல் நாள் எழுத்துப்பிழையில் கை வைப்பதில்லை.

கேள்வி கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கட்டுரையைக் கொண்டு யாராவது உங்களை மதிப்பிடப் போகிறார்களா? கல்லூரிப் போட்டிக்கு, வகுப்பு மதிப்பெண்ணுக்கு, உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் போகிறது என்றால் நான் எழுதித்தரவே கூடாது. அங்கே படிப்பவர் பார்க்க விரும்புவது கண்மாயை அல்ல, உங்களை. நான் செதுக்கிய வாக்கியம் உங்கள் பெயரில் போவது ஏமாற்று. அந்த மாதிரிக் கட்டுரையில் நான் செய்வதெல்லாம் ஓரத்தில் "இந்த இடத்தில் குழம்பினேன்" என்று குறிப்பு எழுதுவது மட்டும்தான்.

குடிமைப் பணித் தேர்வுக்குப் பயிற்சியாக எழுதியது என்றால் கதை இன்னும் வேறு. முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொல், ஒவ்வொன்றுக்கும் 125 மதிப்பெண். தமிழிலும் எழுதலாம். அங்கே நான் அழகாக்கிக் கொடுத்த பக்கம் உங்களுக்கு எதற்கு? தேர்வு அறைக்குள் நான் வரப்போவதில்லை. அப்போது சரியான உதவி, கடிகாரத்தைப் பார்த்து எழுதவைத்து, எங்கே வாதம் அறுந்தது என்று காட்டி, அடுத்த தலைப்பைக் கொடுப்பது.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "யாருக்கு எழுதினீர்கள்?" என்று மொட்டையாகக் கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் "எல்லோருக்கும்தான்" என்பார்கள். அது பொய் இல்லை, ஆனால் அதை வைத்து ஒரு வாக்கியத்தைக்கூட வெட்ட முடியாது. "எல்லோரும்" என்பவருக்குக் கலுங்கு தெரியுமா தெரியாதா? அதனால் நான் கேட்பது இப்படி: இதைப் படிக்கப்போகிற ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்கள், பெயர் இல்லாவிட்டால் பதவியோ உறவோ போதும். படித்து முடித்ததும் அவர் எழுந்து என்ன செய்ய வேண்டும்? கையெழுத்துப் போட வேண்டுமா, கை தூக்க வேண்டுமா, அடுத்த வாரமும் உங்கள் எழுத்தைத் தேட வேண்டுமா? நோக்கத்தைக் கேட்டால் "விழிப்புணர்வு ஏற்படுத்த" என்று வந்துவிடும், செயலைக் கேட்டால் உண்மை வரும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று: "இது சரியில்லை என்று உங்களுக்கு ஏன் தோன்றியது, யாராவது ஏதாவது சொன்னார்களா?" காரணம் இல்லாமல் யாரும் கட்டுரையை மேம்படுத்தக் கொடுப்பதில்லை. ஊராட்சித் தலைவர் "ரொம்ப நீளமா இருக்கே தம்பி" என்று சொல்லியிருப்பார். அல்லது ஒரு இதழ் பதிலே போடாமல் விட்டிருக்கும். அல்லது அக்கா படித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்திருப்பார். அந்த இழுப்பில்தான் வேலைக்கான குறிப்பு இருக்கிறது. தலைவர் நீளம் என்றது சொல் எண்ணிக்கையையா, அல்லது தன்னைக் குறை சொல்கிற நாலாவது பத்தியையா என்று துருவினால், கட்டுரையின் நிஜமான சிக்கல் வெளியே வந்துவிடும்.

தொடக்கூடாதது எது என்றும் கேட்டுவிடுவேன். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சை அப்படியே வைக்க விரும்புகிறீர்களா, அல்லது பொதுத்தமிழுக்கு மாற்றலாமா? இது தெரியாமல் பலருடைய "உள்வாய்" "நீர்ப்பிடிப்புப் பகுதி" ஆகியிருக்கிறது. எழுதியவர் அச்சில் பார்த்து மனம் நொந்தும் இருக்கிறார்.

நேரமே இல்லை, எழுதியவரைப் பிடிக்கவும் முடியவில்லை என்றால்? அப்போது கேட்காமலே செய்யத்தான் வேண்டும். ஆனால் தலைப்பில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் செய்வேன்: "இதை வார இதழ் வாசகருக்கு என்று வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். வேறு இடத்துக்கு என்றால் 2-ஆம், 5-ஆம் பத்திகளைப் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள்." ஊகம் தப்பாகவே இருந்தாலும் எது ஊகம் என்று தெரிவதால் உங்களால் பின்வாங்க முடியும். சொல்லாமல் ஊகித்துத் திருத்தியதுதான் ஆபத்து. அது படிக்க மழமழவென்று இருக்கும், எங்கே தடம் மாறியது என்று எழுதியவருக்கே தெரியாது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டே காலம் கடத்துகிற திருத்துநர்களும் உண்டு. பதினைந்து கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பி, அதில் "உங்கள் எழுத்தின் ஆன்மா என்ன?" என்று கேட்டால், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். பதிலால் குறைந்தது ஒரு வாக்கியமாவது மாறவேண்டும், மாறாது என்றால் அந்தக் கேள்வி வீண். ஆனால் உங்கள் நண்பர் கேட்டது இரண்டே கேள்வி. இரண்டுக்கும் உங்கள் பத்தியில் எத்தனை வாக்கியம் மாறுகிறது என்று மேலே பார்த்தீர்கள்.

பதில் எழுதப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். இந்த அளவு போதும்: "மார்ச் 22 கிராமசபையில் நானே வாசிக்கப் போகிறேன், ஐந்து நிமிடம் தருவார்கள். வரத்துக் கால்வாயை அளக்கத் தீர்மானம் வேண்டும். கால்வாயில் வீடு கட்டியவர்களில் ஒருவர் என் சித்தப்பா, அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. போன கூட்டத்தில் பேசினேன், யாரும் கவனிக்கவில்லை." சித்தப்பா விஷயம் என் கற்பனை. ஆனால் அப்படி ஏதாவது இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், எந்தத் திருத்துநராலும் கட்டுரையிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு இடத்துக்கு அனுப்ப உத்தேசம் என்றால், இரண்டு கட்டுரையாகப் பேசிக்கொள்ளுங்கள், கூலியையும் அப்படியே. சர்வே எண்ணையும் ஆயக்கட்டு ஏக்கரையும் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால், மனுவாக மாறும் பட்சத்தில் ஒரு வாரம் மிச்சமாகும்.